பிளேடு தெரியாத படம்: லான் மோவரா, பிரஷ் கட்டரா, ஹெட்ஜ் டிரிம்மரா?

நண்பர் ஒருவர் புது வீட்டுக்குக் குடிபோனார். பழைய சொந்தக்காரர் தோட்டத்துக் கொட்டகையைக் காலி செய்யாமல் அப்படியே விட்டுவிட்டுப் போயிருந்தார். நண்பர் கதவருகே நின்று ஒரே ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்பினார். "தேவையானதை வெச்சுக்கிட்டு மிச்சத்தைக் கொடுத்துடலாம்னு இருக்கேன். எது எதுன்னு பார்த்துச் சொல்லுங்க. எனக்குத் தெரிஞ்சு புல் வெட்டுற மெஷின் மூணு, டிரிம்மர் ஒண்ணு."

அவர் எண்ணிக்கை சரிதான், நான்கு மெஷின்கள் இருந்தன. சிக்கல் பெயரில். நாம் 'புல் வெட்டுற மெஷின்' என்று சொல்வது தள்ளிக்கொண்டு போகும் லான் மோவராகவும் இருக்கலாம், தோளில் மாட்டிக்கொண்டு வீசும் பிரஷ் கட்டராகவும் இருக்கலாம். 'டிரிம்மர்' அதைவிட மோசம். நைலான் நரம்பால் புல் சீவுவதும் டிரிம்மர், வேலிச்செடியைக் கத்தரிப்பதும் டிரிம்மர், தாடி மழிப்பதும் டிரிம்மர். பெயரை நம்பி ஒன்றை வைத்துக்கொண்டு இன்னொன்றைக் கொடுத்துவிட்டால், முழங்கால் உயரப் புல்லின் நடுவில் ஹெட்ஜ் டிரிம்மரோடு நிற்க வேண்டியதுதான். அவர் வீட்டில் பின்பக்கம் அந்த உயரத்துக்குப் புல் நின்றது. முன்பக்கம் வேலிச்செடி அவர் தலைக்கு மேல் போயிருந்தது.

சரி, படத்தில் என்ன தெரிந்தது? இடது மூலையில் தார்ப்பாய் போர்த்திய ஒரு குவியல், அதற்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த கைப்பிடிக் குழாய். எதிர்ச்சுவரில் இன்ஜின் மேலாக, நுனி கீழாகத் தொங்கிய இரண்டு நீளக் குழாய்கள். அவற்றின் கீழ் நுனிகளை உர மூட்டைகள் மறைத்திருந்தன. வலப்பக்க அலமாரியில் ஒரு இன்ஜின், அதிலிருந்து நீண்ட கறுப்பு பிளாஸ்டிக் உறை. வெட்டும் பாகம் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

கொட்டகைப் படங்கள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். கூரானதை மறைத்து வைப்பதுதானே வழக்கம்! மோவரின் பிளேடு தரையைப் பார்த்தபடி அடியில் இருக்கும். ஹெட்ஜ் டிரிம்மரின் பிளேடு உறைக்குள் போய்விடும். பிரஷ் கட்டரின் நுனி ஏதாவது ஒரு மூட்டைக்குப் பின்னால் இருக்கும். அதனால் பிளேடைத் தேடுவதை விட்டுவிட்டு, இந்த மெஷினை இரண்டு கைகளும் எங்கே பிடிக்கும் என்று பார்ப்பது என் வழக்கம். மெஷினின் எடையை எது தாங்குகிறதோ, அதைப் பொறுத்துத்தான் கைப்பிடியின் இடம் அமையும். மோவரைத் தரை தாங்குகிறது, பிரஷ் கட்டரைத் தோள் தாங்குகிறது, ஹெட்ஜ் டிரிம்மரைக் கைகளே தாங்குகின்றன.

கை எங்கே போகும்?

பெட்ரோல் மோவர் 20 கிலோவுக்கு மேல் இருக்கும், 40 வரைகூடப் போகும். அதைத் தூக்கிப் பிடித்து வெட்ட முடியாது, தள்ளத்தான் முடியும். அதனால் இரண்டு கைகளும் ஒரே குறுக்குக் கம்பியில், இடுப்பு உயரத்தில், இன்ஜினை விட்டு நன்றாகத் தள்ளி இருக்கும். அந்தக் குறுக்குக் கம்பியை ஒட்டி, விரலைவிடச் சற்று மெல்லிய இன்னொரு கம்பி வளைந்து போவதைக் கவனியுங்கள். தள்ளும்போது இரண்டையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும், கையை விட்டால் இன்ஜினோ பிளேடோ நின்றுவிடும். அதிலிருந்து ஒரு கேபிள் கைப்பிடிக் குழாயோடு கீழே இறங்கும். ஸ்டார்ட் செய்ய இழுக்கும் கயிற்றின் பிடிகூடப் பல மோவர்களில் கைப்பிடிக் குழாயிலேயே ஒரு வளையத்தில் மாட்டியிருக்கும். சாமான் தள்ளும் டிராலியிலும் குறுக்குக் கம்பி உண்டு. ஆனால் இரட்டைக் கம்பியும் கேபிளும் அதில் இருக்காது.

சக்கரத்தை வைத்தே சொல்லிவிடலாமே என்று கேட்கலாம். சக்கரம் தெரிந்தால் நல்லதுதான், ஆனால் அதை மட்டும் நம்ப முடியாது. காற்று மெத்தையில் மிதக்கும் ஹோவர் வகை மோவருக்குச் சக்கரமே கிடையாது, கவிழ்த்த பிளாஸ்டிக் கிண்ணம் மாதிரி உட்கார்ந்திருக்கும். இன்ஜினே இல்லாத உருளை மோவரும் உண்டு, அதில் இரண்டு சக்கரங்களுக்கு நடுவே திருகிய கத்திகள் சுற்றும். எட்வின் பட்டிங் 1830-ல் காப்புரிமை வாங்கிய முதல் புல்வெட்டி இந்த உருளை வகைதான். பார்வைக்கு இந்த மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டாது, கை போகும் இடம் மட்டும் மூன்றிலும் ஒன்றே. போதாததற்கு, சக்கரம் வைத்த நைலான் டிரிம்மரும் சந்தையில் இருக்கிறது. அதுவும் தள்ளுகிற மெஷின்தான் என்பதால் மோவர் பக்கம் சேர்த்தாலும் பெரிய தப்பில்லை.

பிரஷ் கட்டரின் அமைப்பே வேறு. ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் குழாய், ஒரு முனையில் இன்ஜின், மறு முனையில் சாய்வாக ஒரு கியர் பெட்டி, அதன் கீழ் வெட்டும் தலை. மொத்த எடை பெரும்பாலும் 5 முதல் 9 கிலோ. இன்ஜின் இடுப்புக்குப் பின்னாலும் வெட்டும் தலை முன்னாலும் வர, நடுவில் தராசுமுள் மாதிரி ஓர் இடத்தில் தோள்வாரின் கொக்கி மாட்டும். அதனால் கைப்பிடி குழாயின் நடுப்பகுதியில், கொக்கி வளையத்தை ஒட்டி இருக்கும். சைக்கிள் ஹேண்டில்பார் மாதிரி இரு பக்கமும் விரிந்த பிடி தெரிந்தால் அதிகம் யோசிக்க வேண்டாம், அது பிரஷ் கட்டர். ஒன்றே ஒன்று: இடத்தை அடைக்காமல் இருக்க அந்த ஹேண்டில்பாரைத் தளர்த்தி, குழாயோடு ஒட்டித் திருப்பி வைக்கும் வசதி பல மாடல்களில் உண்டு. அப்படித் திருப்பி வைத்ததைப் படத்தில் பார்த்தால் குழாயோடு இன்னொரு வளைந்த குழாயைச் சேர்த்துக் கட்டியது மாதிரி இருக்கும். அந்தக் குழாயின் இரு நுனிகளிலும் ரப்பர் பிடி இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள்.

ஹெட்ஜ் டிரிம்மரை மார்புக்கும் தோளுக்கும் நேராகத் தூக்கி, பக்கவாட்டில் விசிறுவது போல் நகர்த்த வேண்டும். தரையும் தாங்காது, தோளும் தாங்காது. அதனால் எடை குறைவு, 3 முதல் 6 கிலோ. இரண்டு கைகளும் மெஷினின் உடலை ஒட்டியே இருக்கும், ஒன்று பின்னால், மற்றது பிளேடு தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்பாக. இரண்டுக்கும் நடுவே ஒரு முழம் இருந்தால் அதிகம். முன்கைக்கும் பிளேடுக்கும் இடையில் ஒரு சிறிய கேடயம் நிற்கும். அந்தக் கேடயத்துக்கு அப்பால் பிளேடு அரை மீட்டரோ முக்கால் மீட்டரோ நேராக நீளும். உறையைக் கழற்றினால் வேளா மீனின் கொம்பு மாதிரி இருபுறமும் பல் இருக்கும். ஒருபுறம் மட்டும் பல் உள்ளதும் உண்டு. மேலும் கீழுமாக இரண்டு பல்வரிசைகள் முன்னும் பின்னும் ஓடி, நடுவில் சிக்கும் கிளையைக் கத்தரிக்கும். மற்ற இரண்டிலும் சுழலும் வேலை, இதில் கத்தரிக்கும் வேலை. புல்லில் இதை விட்டால் தளர்ந்த தண்டுகள் பல்லில் சிக்கி மடங்குமே தவிர ஒழுங்காக வெட்டுப்படாது.

ஏமாற்றும் அடையாளங்கள்

நிறத்தை நம்பவே கூடாது. ஒரு கம்பெனி தன் எல்லா மெஷின்களுக்கும் ஒரே நிறம்தான் அடிக்கும், பழைய சொந்தக்காரர் ஒரே கம்பெனியில் வாங்கிப் பழகியவர் என்றால் கொட்டகை முழுக்க ஒரே நிறம். இன்ஜினும் அப்படித்தான். பிரஷ் கட்டரின் இன்ஜினும், நீளக் குழாய் வைத்த ஹெட்ஜ் டிரிம்மரின் இன்ஜினும் பல சமயம் அதே பாகம், ஒரு திருகுகூட மாறாது.

அளவும் ஏமாற்றும். போன் கேமராவை அகலக் கோணத்தில் வைத்து எடுத்தால் ஓரத்தில் இருப்பது இழுபட்டுப் பெரிதாகத் தெரியும். நீளம் பார்க்க வேண்டுமானால், மெஷினுக்குப் பக்கத்திலேயே அதே தூரத்தில் இருக்கும் ஏதாவது ஒன்றோடு ஒப்பிடுங்கள். மண்வெட்டிக் காம்பு, சுவர்ப் பலகை, எதுவானாலும் சரி. நண்பரின் படத்தில் இரண்டு குழாய்களுக்கு நடுவே ஒரு தோட்டத்து வாருகோல் நின்றிருந்தது. அதைவிட இரண்டும் சற்று நீளம், அதாவது ஒன்றரை மீட்டருக்கு மேல். கைகளால் மட்டும் தாங்கும் சாதாரண ஹெட்ஜ் டிரிம்மர் உறையோடு சேர்த்தும் அவ்வளவு வராது. அந்த அளவுக்கு அது உதவியது.

படத்துக்குத் திரும்புவோம்

தார்ப்பாய்க் குவியலை முதலில் முடித்தேன். இரண்டு குழாய்கள் மேலேறி ஒரு குறுக்குக் கம்பியில் சேர்ந்தன, அதை ஒட்டி மெல்லிய கம்பி, இடப்பக்கக் குழாயில் கறுப்பு கேபிள். மோவர்தான். தார்ப்பாயின் கீழ் ஓரத்தில் அரை சக்கரமும் எட்டிப் பார்த்தது.

அலமாரியில் இருந்ததை நண்பர் 'டிரிம்மர்' என்று எண்ணியிருந்தார். கேட்டதும் நியாயமாகத்தான் பட்டது. சின்ன உடல், அருகருகே இரண்டு கைப்பிடிகள், முன்கைக்கு முன்னால் கேடயம், அப்புறம் நீண்ட உறை. ஹெட்ஜ் டிரிம்மருக்கு நான் மேலே சொன்ன எல்லாமே பொருந்துகிறது! ஆனால் செயின் ரம்பத்துக்கும் இதெல்லாம் அப்படியே பொருந்தும். அதையும் கைகள்தான் தாங்குகின்றன, ஆகவே கைப்பிடி விதி இங்கே உதவாது. இந்த இரண்டையும் பிரிக்க நான் பார்ப்பது மூடிகளை. பெட்ரோல் செயின் ரம்பத்தின் உடலில் இரண்டு மூடிகள் இருக்கும், ஒன்று பெட்ரோலுக்கு, மற்றது செயினுக்குச் சொட்டும் எண்ணெய்க்கு. பெட்ரோல் ஹெட்ஜ் டிரிம்மரில் எரிபொருள் மூடி ஒன்றுதான். அதோடு, செயின் ரம்பத்தின் பட்டை உடலின் ஒரு பக்கமாக ஒட்டி வெளியே வரும், ஹெட்ஜ் டிரிம்மரின் பிளேடு உடலின் நடுக்கோட்டில் வரும். படத்தைப் பெரிதாக்கினேன். ஒரே பக்கத்தில் இரண்டு மூடிகள், அகலமான உறை, வலப்பக்கம் ஒதுங்கிய பட்டை. செயின் ரம்பம்தான். நண்பருக்குக் கொஞ்சம் ஏமாற்றம், அந்த வேலிச்செடிக்கு இதை வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தார்.

மிச்சம் இருந்தவை இரண்டு நீளக் குழாய்கள். முதலாவதில் ஹேண்டில்பார் விரிந்தே இருந்தது, அதற்கு மேல் கொக்கி வளையம். பக்கத்து ஆணியில் அகலமான தோள்வார் தொங்கியது. பிரஷ் கட்டர், சந்தேகமில்லை.

இரண்டாவதில்தான் நான் சறுக்கினேன். அதில் ஹேண்டில்பார் இல்லை, குழாயைச் சுற்றி ஒரு வளையப் பிடி மட்டும். வளையப் பிடி வைத்த பிரஷ் கட்டர்களும் உண்டு, நைலான் நரம்பு மட்டும் மாட்டும் இலகுவான டிரிம்மர்களும் உண்டு. உலோக பிளேடு மாட்ட அனுமதி உள்ள மாடல் என்றால், வளையப் பிடியிலிருந்து இடப்பக்கம் ஒரு தடுப்புக் கம்பி நீட்டியிருக்கும். வெட்டுபவரின் கால் பிளேடு பக்கம் போகாமல் தடுக்கத்தான் அது. இதில் அந்தக் கம்பி இல்லை. "இது நைலான் நரம்பு டிரிம்மர், பிரஷ் கட்டர் இருக்கும்போது இது வேண்டாம், கொடுத்துடுங்க" என்று எழுதிவிட்டேன்.

நான் கவனித்தும் ஒதுக்கிய ஒன்று இருந்தது. அந்தக் குழாயை ஒட்டி, மூட்டைக்கு மேலே ஒரு சாண் நீளத்துக்குக் கறுப்பாக ஒரு பட்டை நிமிர்ந்து நின்றது. ஏதோ பிளாஸ்டிக் துண்டு அங்கே சாய்த்து வைத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். இரவில் படுத்த பிறகுதான் உறைத்தது: நீளக் குழாய் வைத்த ஹெட்ஜ் டிரிம்மரின் பிளேடை மடக்கலாம். உயரமான வேலியின் மேற்பரப்பைக் கீழிருந்தே வெட்ட, நுனியில் உள்ள மூட்டு ஒன்றைத் தளர்த்திப் பிளேடை வேண்டிய கோணத்தில் பூட்டிக்கொள்வார்கள். பெரும்பாலான மாடல்களில் எடுத்து வைக்கும்போது அதை முழுவதும் பின்னால் மடக்கிக் குழாயோடு ஒட்டிவிடலாம். அந்தக் கறுப்புப் பட்டை மடங்கிய பிளேடின் உறையாக இருந்தால், நான் கொடுத்துவிடச் சொன்னது அவர் முன்பக்க வேலிக்குத் தேவையான அதே மெஷின்.

இந்த இரண்டையும் பிரிக்கக் கைப்பிடி போதாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். தொலைவில் வெட்டும் ஹெட்ஜ் டிரிம்மரில் பெரும்பாலும் வளையப் பிடியோ, குழாயின் மேல் வெறும் ரப்பர் உறையோதான் இருக்கும், ஏனென்றால் குழாயை உருட்டித் திருப்பி வெட்ட வேண்டியிருக்கும், விரிந்த ஹேண்டில்பார் அதற்கு இடைஞ்சல். ஆக, ஹேண்டில்பார் இருந்தால் பிரஷ் கட்டர் என்று பொதுவாகச் சொல்லலாம். இல்லாவிட்டால் எது வேண்டுமானாலும் இருக்கலாம், நுனியைப் பார்த்தே ஆக வேண்டும். தோள்வாரும் தீர்ப்பு சொல்லாது, இரண்டு மெஷினுக்கும் வார் மாட்டுவதுண்டு.

காலையில் முதல் வேலையாக, "எதையும் கொடுத்துடாதீங்க, மூட்டையை நகர்த்திட்டு ரெண்டு குழாயோட கீழ் நுனியை மட்டும் பக்கத்துல போய் எடுத்து அனுப்புங்க" என்று செய்தி அனுப்பினேன். ஒரே ஒரு படம் கூடுதலாகக் கேட்க வாய்ப்பிருந்தால், நீளக் குழாய் விஷயத்தில் கேட்க வேண்டியது இதைத்தான். நுனியில் தெரியக்கூடியவை நான்கு. குழாயே வாத்துக் கழுத்து மாதிரி வளைந்து முடிந்தால் அது பெரும்பாலும் நைலான் டிரிம்மர் மட்டுமே, உள்ளே வளையும் கேபிள் சுற்றுவதால் பொதுவாக அதில் உலோக பிளேடு மாட்டுவதில்லை. நேரான குழாய் முடிந்து, முட்டி மாதிரி சாய்ந்த கியர் பெட்டியும், பின்னால் விசிறி மாதிரி விரிந்த காப்பு மறைப்பும் இருந்தால் பிரஷ் கட்டர். மறைப்பு இல்லாமல், கோணம் மாற்றும் பல் வைத்த மூட்டும் அதில் மடங்கிய நீள உறையும் இருந்தால் ஹெட்ஜ் டிரிம்மர். நான்காவது, குழாயின் நடுவிலேயே திருகு வைத்த இணைப்பு ஒன்று இருந்து, கீழ்ப்பாதியைக் கழற்றி மாற்றும் வகை. அதில் மாட்டியிருப்பது எதுவோ இப்போதைக்கு அது அந்த மெஷின், மற்ற தலைகள் கொட்டகையில் வேறெங்காவது கிடக்கும்.

படங்கள் வந்தன. முதல் குழாயில் கியர் பெட்டியும், மறைப்பும், டப்பா மாதிரி ஒரு நைலான் தலையும். இரண்டாவதில் பல் வைத்த மூட்டு, அதிலிருந்து மேல்நோக்கி மடங்கிய உறை. நான் சொன்னபடி கேட்டிருந்தால் வேலி வெட்ட ஏணி வைத்து ஏற வேண்டியிருந்திருக்கும்.

எதை வைத்துக்கொள்வது என்பது அப்புறம் சுலபமாகிவிட்டது. முழங்கால் உயரப் புல்லில் மோவரைத் தள்ளினால் நீளப் புல் மேலே மடங்கி அடியில் அடைத்துக்கொண்டு இன்ஜின் நின்றுவிடும். அதற்குப் பிரஷ் கட்டர்தான். தலைக்கு மேல் வளர்ந்த வேலிக்கு இரண்டாவது குழாய். மோவரைப் பற்றித்தான் நண்பர் இழுத்தார், "பின்னாடி ஒருநாள் புல்தரை போடுவேன்" என்றார். அப்படியானால் வையுங்கள், ஆனால் இன்னும் ஒரு வருஷத்துக்குத் தார்ப்பாயைத் தூக்க மாட்டீர்கள் என்றேன். செயின் ரம்பத்தை, மரம் வெட்டிப் பழகிய அவருடைய உறவினர் எடுத்துப் போனார்.

முழங்கால் புல்லுக்கு நைலான் நரம்பு போதுமா என்பது அடுத்த கேள்வி. இளம்புல்லுக்குப் போதும், தண்டு முற்றிய களைக்குச் சிரமம். அதற்கு உலோக பிளேடு வேண்டும், அந்த பிளேடுக்கு உரிய மறைப்பும் வேண்டும் என்று எழுதினேன். அவர் பதிலுக்கு முதல் படத்தையே திருப்பி அனுப்பி, தோள்வார் தொங்கிய ஆணியில் ஒரு வட்டம் போட்டிருந்தார். வாருக்குப் பின்னால் மூன்று முனை வைத்த தகடு ஒன்று தொங்கியது, நடுவில் ஓட்டை. ஏதோ விசிறியின் உதிரிப் பாகம் என்று அவரும் விட்டிருந்தார், நானும் விட்டிருந்தேன். ஓட்டையை அளந்து பார்க்கச் சொன்னேன். "சரியா ஒரு இன்ச்" என்றார். பிரஷ் கட்டரின் பிளேடு முதல் படத்திலேயே, முழுசாக, எதுவும் மறைக்காமல் இருந்திருக்கிறது.